எழுபதுக்கு எத்தனை பிரெஞ்சு?

புதுச்சேரியிலோ சென்னையிலோ பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதல் சில வாரங்களிலேயே எண்கள் தொல்லை தந்துவிடும். அறுபது வரை எல்லாம் ஒழுங்காக வரும். எழுபதுக்குத் தனிச்சொல் கிடையாது. 'சுவசாந்த்-தீஸ்', அதாவது அறுபது-பத்து. எண்பது 'கத்ர-வேன்', நான்கு இருபது. தொண்ணூறு 'கத்ர-வேன்-தீஸ்', நான்கு இருபதும் ஒரு பத்தும். தொண்ணூற்றேழு என்று சொல்ல நான்கு இருபதோடு பதினேழைச் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் மனப்பாடம் செய்து, தேர்வெழுதி, சான்றிதழ் வாங்கி, பிரெஞ்சு வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தாயிற்று. அங்கே பெல்ஜியத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. எழுபத்தைந்து என்பதற்கு அதில் 'செப்தாந்த்-சேங்க்' என்று இருக்கிறது. தொண்ணூற்றிரண்டு 'நொனாந்த்-தெ'. இரண்டும் பாடநூலில் இல்லாத சொற்கள்.

அவை பிழையும் அல்ல, கொச்சையும் அல்ல. பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதிகளில் எழுபது 'செப்தாந்த்', தொண்ணூறு 'நொனாந்த்'. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கற்றுத் தருகிறார்கள், செய்தியில் அப்படித்தான் வாசிக்கிறார்கள், அரசாங்கக் கடிதமும் அப்படித்தான் வருகிறது. எண்பதுக்கு மட்டும் அவர்களும் பிரான்ஸைப் போலவே 'கத்ர-வேன்' என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதி முழுவதிலும் செப்தாந்த், நொனாந்த் உண்டு. எண்பதில்தான் அந்த நாடு தனக்குள்ளேயே பிரிகிறது. வோ, வாலே, ஃபிரிபூர் மாநிலங்களில் 'உய்தாந்த்' என்பார்கள். ஜெனிவா, நெஷாத்தெல், ஜூரா மாநிலங்களில் 'கத்ர-வேன்'. லொசான் நகரிலிருந்து ரயிலேறி முக்கால் மணி நேரத்தில் ஜெனிவாவில் இறங்கினால் எண்பது மாறியிருக்கும். 'ஒக்தாந்த்' என்று இன்னொரு வடிவத்தைச் சில பழைய இலக்கண நூல்களில் பார்க்கலாம். பேச்சில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஆப்பிரிக்காவிலும் இந்தக் கோடு தொடர்கிறது. பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோ ஜனநாயகக் குடியரசு, ருவாண்டா, புருண்டி ஆகிய நாடுகளின் பிரெஞ்சில் செப்தாந்தும் நொனாந்தும் இயல்பான சொற்கள். பிரான்ஸ் ஆண்ட செனகல், ஐவரி கோஸ்ட் நாடுகளில் சுவசாந்த்-தீஸ். கனடாவின் கியூபெக் மாகாணமும் இதில் பிரான்ஸோடுதான் நிற்கிறது.

இவற்றில் எது மூலம், எது திரிபு என்று கேட்பவர்களுக்கு விடை எதிர்பாராததாக இருக்கும். செப்தாந்த், நொனாந்த் இரண்டும் லத்தீன் எண்களின் நேர் வாரிசுகள். பிரான்ஸிலும் பல நூற்றாண்டுகள் அவை வழங்கின. அவற்றோடு கூடவே இருபது இருபதாக எண்ணும் இன்னொரு முறையும் இடைக்காலப் பிரெஞ்சில் இருந்தது. நூற்றிருபதை ஆறு இருபது என்பார்கள், முந்நூறைப் பதினைந்து இருபது என்பார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் முந்நூறு பார்வையற்றவர்களுக்காகப் பாரிஸில் நிறுவிய இல்லம் 'கேன்ஸ்-வேன்', பதினைந்து இருபது, என்ற அதே பெயரில் இன்றும் கண் மருத்துவமனையாக இயங்குகிறது. காலப்போக்கில் இருபதடி முறையின் பெரும்பகுதி உதிர்ந்துவிட, 70 முதல் 99 வரையில் மட்டும் அது தங்கிப்போனது.

தங்கியதற்குப் பாரிஸின் செல்வாக்கு ஒரு முக்கியக் காரணம். 1647-ல் வோஜ்லா என்ற இலக்கணக்காரர் அரசவையின் நல்ல பேச்சு எது என்று விளக்கும் ஒரு நூலை வெளியிட்டார். செப்தாந்த் என்ற சொல்லை விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பைக் குறிக்க மட்டும் பயன்படுத்தலாம், மற்ற இடங்களில் சுவசாந்த்-தீஸ்தான் சரி என்பது அவர் தீர்ப்பு. அரசவை, அகாதெமி, பிறகு பள்ளிக்கூடம் என்று அந்த வழக்கு பரவியது. அந்த மையத்தின் பிடிக்கு வெளியே இருந்த பகுதிகள் பழைய சொல்லையே வைத்துக்கொண்டன. ஆகவே பெல்ஜியக்காரர் செப்தாந்த் என்று எழுதும்போது அவர் எதையும் எளிமையாக்கவில்லை. பாரிஸ் கைவிட்டதைக் கைவிடாமல் இருக்கிறார். பிரான்ஸ்காரர்களுக்கும் தங்கள் எண்கள் கடினமாகத் தோன்றுவதில்லை. தொண்ணூறு என்ற நம் சொல்லுக்குள் நூறு இருப்பதை நாம் எப்படி நினைத்துப் பார்ப்பதில்லையோ, அப்படித்தான் அவர்களும் கத்ர-வேன்-தீஸ் என்று சொல்லும்போது எதையும் கூட்டிப் பெருக்குவதில்லை. ஒரே சொல்லாகத்தான் அது அவர்கள் வாயில் வருகிறது.

மின்னஞ்சலில் எண்களை இலக்கத்தில்தானே எழுதுகிறோம், இந்த வேறுபாடு எங்கே இடிக்கும் என்று கேட்கலாம். இரண்டு இடங்களில் இடிக்கும். ஒன்று, தொலைபேசியில் கேட்டதை மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தும்போது. மற்றது, தொகையை எழுத்தால் எழுதும்போது.

முதலாவதைப் பார்ப்போம். பிரான்ஸின் தொலைபேசி எண்ணில் பத்து இலக்கங்கள். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து எண்களாகச் சொல்வார்கள். 75 வரும் இடத்தில் காதில் விழுவது சுவசாந்த்-கேன்ஸ், அறுபது-பதினைந்து. கேட்பவர் பழக்கமில்லாதவர் என்றால் அறுபது என்றதுமே 60 என்று தட்டிவிடுவார், அடுத்து 15 என்று தட்டுவார். இத்தனைக்கும் அவர் காதில் விழுந்ததில் பிழையே இல்லை. 60, 15 என்ற இரண்டு எண்களைச் சொன்னாலும் ஏறக்குறைய அதே ஒலிதான். 92-உம் இப்படியே 80, 12 ஆகிவிடும். பெல்ஜியக்காரர் சொல்லும் செப்தாந்த்-சேங்க் இப்படிப் பிளக்காது. இரண்டிரண்டாகச் சொல்லும் முறையில் தனி ஐந்து வராது. 05 என்றால் 'பூஜ்யம் ஐந்து' என்றுதான் சொல்வார்கள். ஆகவே எழுபதுக்குப் பின் வெறும் ஐந்து கேட்டால் அது 75 மட்டுமே. எது அழகு, எது பெருமை என்ற வாதத்தை விட்டுவிட்டு, காதால் கேட்டு எழுதுபவரின் பக்கம் நின்று பார்த்தால் செப்தாந்தும் நொனாந்தும்தான் மேல் என்பது என் உறுதியான கருத்து.

தவறு நேர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிரான்ஸ் எண்ணை எழுதி முடித்தபின் பன்னிரண்டு இலக்கங்கள் இருந்தால் எங்கோ ஒரு எழுபதோ தொண்ணூறோ பிளந்துவிட்டது. பட்டியலில் 60 அல்லது 80-க்கு அடுத்து 10 முதல் 19 வரையிலான எண் நிற்கிறதா என்று பாருங்கள். பிளவு அங்கேதான் இருக்கும். விலை, பாகத்தின் எண், ஒப்பந்த எண் போன்றவற்றுக்கு இலக்க எண்ணிக்கை முன்கூட்டித் தெரியாது. அவற்றில் இந்தச் சோதனை உதவாது. அதனால்தான் பேசி முடித்ததும், பேசியதை இலக்கத்தில் எழுதி அனுப்பி எதிராளியின் ஒப்புதலைக் கேட்கும் வழக்கம் பிரெஞ்சு அலுவலகங்களில் இருக்கிறது.

மற்ற நாட்டவர் எண்ணைச் சொல்லும் முறையும் வேறு. சுவிஸ் கைப்பேசி எண் 079 என்று தொடங்கினால் 'பூஜ்யம் செப்தாந்த்-நெஃப்' என்பார்கள், பிறகு மூன்று இலக்கம், இரண்டு, இரண்டு. கியூபெக்கில் ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்துச் சொல்வார்கள். ஆகவே அங்கே இந்தக் குழப்பமே எழாது.

இரண்டாவது இடம் தொகை. ஒப்பந்தத்திலும் ரசீதிலும் உறுதிமொழிப் பத்திரத்திலும் தொகையை இலக்கத்தில் எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதுவது பிரெஞ்சு உலகின் வழக்கம். மின்னஞ்சலோடு இணைத்து வரும் கோப்புகளில் இதைப் பார்க்கலாம். இதற்குச் சட்டத்திலும் எடை உண்டு: காசோலையில் இலக்கமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்பது 1931-ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையின் விதி.

9786.75 என்ற தொகையை எடுத்துக்கொள்வோம். லியோன் நகரில் இருப்பவர் 86-க்கு கத்ர-வேன்-சீஸ் என்றும் 75-க்கு சுவசாந்த்-கேன்ஸ் என்றும் எழுதுவார். பெல்ஜியத்தின் நமூர் நகரில் இருப்பவர் 86-ஐ அப்படியே எழுதி 75-ஐ மட்டும் செப்தாந்த்-சேங்க் ஆக்குவார். லொசானில் இருப்பவர் இரண்டையும் மாற்றி உய்தாந்த்-சீஸ், செப்தாந்த்-சேங்க் என்பார். எழுத்துக்கூட்டலில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. பிரான்ஸின் எண்பது தனியாக, முடிவாக நின்றால் கடைசியில் எஸ் எழுத்து உண்டு; பின்னால் வேறு எண் ஒட்டிக்கொண்டால் அந்த எஸ் விழுந்துவிடும். செப்தாந்த், உய்தாந்த், நொனாந்த் மூன்றிலும் இந்தத் தொல்லை இல்லை, எங்கே நின்றாலும் வடிவம் மாறாது.

சொல்லை விட்டு இலக்கத்துக்கு வந்தாலும் வேறுபாடு தொடர்கிறது. பிரான்ஸிலும் கியூபெக்கிலும் ஆயிரத்துக்குப் பின் சிறு இடைவெளியும் பின்னத்துக்கு முன் காற்புள்ளியும் இடுவார்கள்: 9 786,75. பெல்ஜியத்தில் ஆயிரத்துக்குப் பின் புள்ளி வைப்பது மிகவும் சாதாரணம்: 9.786,75. சுவிட்சர்லாந்தில் ஆயிரத்தைப் பிரிக்க மேற்குறி, பணத்தொகையில் பின்னத்துக்குப் புள்ளி: 9'786.75. பெல்ஜியத்திலிருந்து வரும் விலைப்பட்டியலில் 9.786 என்று மட்டும் இருந்தால் அது ஒன்பதாயிரத்து எழுநூற்று எண்பத்தாறு. புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருப்பதே அதற்கு அடையாளம். பணத்தொகையின் பின்னத்தில் இரண்டு இலக்கத்துக்கு மேல் வருவது அரிது.

இத்தனை சொன்னபிறகும், தொழில்முறைக் கடிதத்தில் மிகப் பெரிய ஆபத்து எண்ணில் இல்லை என்றுதான் சொல்வேன். செப்தாந்த் என்ற சொல்லைக் காணும் வாசகர் நின்றுவிடுவார், அகராதியைத் திறப்பார், தெரிந்துகொள்வார். ஆபத்து, நன்றாகத் தெரியும் என்று நாம் நினைத்துக் கடந்துபோகும் சொல்லில் இருக்கிறது. ஒரே எழுத்து, ஒரே ஒலி, நாட்டுக்கு நாடு வேறு பொருள். அதை எழுதியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது.

ஒரு கற்பனை உதாரணம் வைத்துப் பார்ப்போம். லியோனில் ரொட்டி அடுப்புகள் செய்யும் ஒரு நிறுவனம் இருக்கிறது. நமூரிலும் லொசானிலும் அதற்கு விற்பனையாளர்கள் உண்டு. கியூபெக்கில் ஒரு பேக்கரி நிறுவனம் அடுப்பு வாங்க விலை கேட்டிருக்கிறது. லியோனில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் பெண் கியூபெக்குக்கு எழுதுகிறார்: தெவியை ஃபேன் த செமேனில் அனுப்புகிறேன்.

அவர் மனத்தில் இருப்பது தெளிவு. 'தெவி' என்றால் விலை மதிப்பீடு. 'ஃபேன் த செமேன்' என்றால் வாரக்கடைசி, அதாவது வேலை வாரத்தின் கடைசிப் பகுதி, வியாழனோ வெள்ளியோ. சனி, ஞாயிறைச் சொல்லப் பிரான்ஸில் 'வீக்கெண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். கியூபெக்கில் அந்த ஆங்கிலச் சொல்லை விலக்கிவிட்டு, ஃபேன் த செமேன் என்பதையே சனி-ஞாயிறுக்கு வைத்துக்கொண்டார்கள். தெவி என்ற சொல்லும் அங்கே பெரும்பாலும் வேலையின் தொழில்நுட்ப விவரக் குறிப்பைக் குறிக்கும். கட்டட வேலையில் வரைபடமும் தெவியும் என்று சேர்த்துச் சொல்வார்கள். விலை மதிப்பீட்டுக்கு அவர்கள் பேச்சிலும் கடிதத்திலும் பரவலாக வழங்கும் சொல் 'சுமிசியோன்'.

ஆக, கியூபெக்கில் இருப்பவர் படித்துக்கொண்டது இது: சனி, ஞாயிறில் இந்தப் பெண் தொழில்நுட்பக் குறிப்பு அனுப்புவார். விடுமுறை நாளில் ஏன் வேலை செய்கிறார் என்று சற்று வியந்திருப்பார். வெள்ளிக்கிழமையே கோப்பு வந்துவிடுகிறது. அதன் தலைப்பைப் பார்த்து, இது விவரக் குறிப்புதான் என்று தொழில்நுட்பப் பிரிவுக்குத் தள்ளிவிட்டுத் திங்கட்கிழமை அவர் எழுதுகிறார்: தெவி கிடைத்தது, நன்றி, சுமிசியோன் எப்போது வரும்? லியோன் பெண்ணுக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. சுமிசியோன் என்றால் அவருக்கு அடிபணிதல், அல்லது அரசு ஒப்பந்தப்புள்ளிக்குத் தரும் முறையான விண்ணப்பம். இருவரும் ஒரே மொழியில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். இரண்டு மூன்று கடிதங்கள் வீணான பிறகே விலை பற்றிய பேச்சு தொடங்கும்.

இப்படி ஒன்று நடக்கிறது என்பதற்கு ஓர் அறிகுறி உண்டு. நீங்கள் அனுப்பிவிட்ட ஒன்றை எதிராளி நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் வேறு பெயரில் கேட்கிறார் என்றால், அவர் கவனக்குறைவானவர் என்று முடிவுகட்ட வேண்டாம். சொல்லின் பொருள் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதற்கிடையே நமூரிலிருந்து ஒரு கடிதம். உங்கள் 'அனெக்ஸை' என்னால் திறக்க முடியவில்லை, கூட்டம் 'போஸ்த்போசே' செய்யப்பட்டிருக்கிறது, மூன்று நாள் 'ஆந்தேயான்' பதில் தாருங்கள். இதில் அனெக்ஸ் என்பது இணைப்புக் கோப்பு. பிரான்ஸில் இதை 'பியெஸ் ஜுவேந்த்' என்பார்கள். அங்கே அனெக்ஸ் என்றால் ஓர் ஆவணத்தின் பின்னிணைப்பு என்ற நினைவுதான் முதலில் வரும். போஸ்த்போசே என்றால் தள்ளிவைத்தல், ஆந்தேயான் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குள். இந்த இரண்டும் பெல்ஜியத்துக்கே உரிய சொற்கள். லியோன் பெண் இவற்றைக் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும் ஊகித்துக்கொள்வார்.

சிக்கல் 'திறக்க முடியவில்லை' என்ற எளிய தொடரில் இருக்கிறது. பெல்ஜியத்தில் ஒன்றைச் செய்ய இயலவில்லை என்று சொல்லத் தெரிதல் என்ற பொருள் தரும் வினையையே பயன்படுத்துவார்கள். ஆகவே அந்தக் கடிதத்தில் இருந்த சொற்களைப் பிரான்ஸ்காரர் படித்தால் 'உங்கள் கோப்பைத் திறக்க எனக்குத் தெரியவில்லை' என்றே பொருள்படும். கோப்பு பழுதாகியிருக்கிறது என்று நமூர்க்காரர் சொல்கிறார். கோப்பைத் திறப்பது எப்படி என்று லியோனிலிருந்து அவருக்குப் பொறுமையாக விளக்கம் போகிறது, எதை அழுத்த வேண்டும் என்ற விவரத்தோடு. பல ஆண்டுகள் அலுவலக வேலை பார்த்த மனிதருக்கு இது எவ்வளவு சங்கடம்! பெல்ஜியக் கடிதத்தில் 'தெரியவில்லை' வந்தால் அதை 'முடியவில்லை' என்று படித்துப் பாருங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்தினால் அதுவே அவர் சொல்ல வந்தது. 'வியாழக்கிழமை வரத் தெரியவில்லை' என்று எழுதினால் வழி தெரியவில்லை என்பதல்ல, வர இயலாது.

லொசானிலிருந்து வரும் கடிதம் மிகவும் ஒழுங்கானது. ஒரு 'செயான்ஸை' 'அஜாந்தே' செய்யலாமா என்று கேட்கிறார். பிரான்ஸ்காரர் ரெயுனியோன் என்று சொல்லும் கூட்டத்தைச் சுவிஸ்காரர் செயான்ஸ் என்பார். அஜாந்தே என்பது நாட்குறிப்பில் ஏற்றுதல், நாள் குறித்தல். சுவிஸ் அலுவலகங்களில் தினமும் புழங்கும் வினை. கடிதம் முடியும்போது 'மெய்யர் சலுத்தாசியோன்', மேலான வணக்கங்கள், என்று எழுதுவார். அங்கே அது வழக்கமான முடிப்பு. பிரான்ஸில் அதே இடத்தில் 'கோர்தியால்மான்' வரும். பெல்ஜியத்தில் 'பியேன் ஆ வூ' என்று எழுதுவது சர்வ சாதாரணம். பிரான்ஸில் சிலருக்கு அது கொஞ்சம் நெருக்கமாகப் படும். இந்த முடிப்புகளால் வேலை எதுவும் கெடாது, ஆகவே இதில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் லொசான் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: கூட்டத்தைத் 'தினே'வோடு வைத்துக்கொள்வோம், வியாழக்கிழமை. லியோன் பெண்ணுக்குத் தினே என்றால் இரவு உணவு. அவர் மாலை ரயிலுக்குச் சீட்டு எடுப்பார், ஹோட்டலில் ஓர் இரவுக்கு அறை போடுவார். லொசானில் தினே என்றால் மதிய உணவு. மேசையில் தட்டு வைத்துக் காத்திருக்கும்போது அவர் இன்னும் லியோனில் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார்.

சாப்பாட்டுச் சொற்களின் இந்த இடப்பெயர்வுக்குக் காரணம் பாரிஸ் மேட்டுக்குடியினரின் கடிகாரம். பழைய பிரெஞ்சில் காலையில் 'தெஜுனே', நடுப்பகலில் 'தினே', இரவில் 'சுப்பே'. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸில் பெரிய விருந்து உண்ணும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கிப் போய் மாலையைத் தொட்டது. தினேவும் அதோடு போனது. காலியான நடுப்பகலுக்குத் தெஜுனே வந்தது, காலை உணவுக்குச் 'சின்னத் தெஜுனே' என்று ஒரு புதுப்பெயர் தேவைப்பட்டது, சுப்பே நள்ளிரவுக்கு ஒதுங்கியது. பெல்ஜியமும் சுவிட்சர்லாந்தும் கியூபெக்கும் பழைய வரிசையை மாற்றவில்லை. எண்களில் பிரான்ஸோடு நின்ற கியூபெக் சாப்பாட்டில் பெல்ஜியத்தோடு சேர்ந்துகொள்வதைக் கவனியுங்கள். ஒரு நாட்டின் பிரெஞ்சை அறிந்துகொண்டால் மற்றதை ஊகித்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லைக்கோடு வேறு இடத்தில் ஓடுகிறது.

கடிதத்தின் அடியில் இருக்கும் கையொப்பப் பகுதியிலும் ஊர் தெரியும். கைப்பேசி எண்ணுக்கு முன்னால் பிரான்ஸில் 'போர்தாப்ல்', பெல்ஜியத்தில் 'ஜிஎஸ்எம்', கியூபெக்கில் 'செலுலேர்'. சுவிஸ்காரர் சிலர் 'நாத்தெல்' என்று எழுதுவார்கள். அது அந்நாட்டின் பழைய கார் தொலைபேசிச் சேவையின் பெயர், கைப்பேசிக்கே பெயராகிவிட்டது. கியூபெக்கில் போர்தாப்ல் என்றால் பெரும்பாலும் மடிக்கணினி என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மின்னஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள்: கியூபெக்கில் அது 'கூரியெல்'. 2003-ல் பிரான்ஸ் அரசும் தன் அரசிதழில் இந்தச் சொல்லை அதிகாரபூர்வமாக ஏற்றது. ஆனாலும் பாரிஸ் அலுவலகங்களில் பேச்சில் 'மெயில்'தான் புழங்குகிறது.

அப்படியானால் நாம் எதில் எழுதுவது? எழுதுபவர் தன் ஊர் வழக்கில் எழுதலாம், அதில் குற்றமில்லை. சென்னையிலிருந்து எழுதும் நமக்குச் சொந்த ஊர் வழக்கு என்று ஒன்று இல்லாததால், பெறுபவரின் வழக்கை எடுத்துக்கொள்வது நல்லது. பெல்ஜியக்காரருக்கு எழுதும் தொகையில் நொனாந்த் போடுங்கள். அவர் அதைச் செயற்கையாக நினைக்க மாட்டார். ஜெனிவாக்காரருக்கு உய்தாந்த் போட வேண்டாம். புரியும், ஆனால் அவர் ஊர்ச் சொல் அல்ல. மூன்று நாட்டவருக்கும் ஒரே கடிதம் போகிறது என்றால், எழுத்தால் எழுதும் தொகையை ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறதோ அந்த நாட்டின் வழக்கில் எழுதி, கடிதம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் செப்தாந்த், மற்றோரிடத்தில் சுவசாந்த்-தீஸ் என்று கலந்தால், இரண்டு பேர் இரண்டு கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டியது போலத் தெரியும். கணக்கைச் சரிபார்ப்பவர் சந்தேகப்படுவார்.

பொருள் மாறும் சொற்களுக்கு இந்த வழி உதவாது, ஏனென்றால் எது மாறும் என்று எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாது. அங்கே சொல்லோடு ஓர் உண்மையையும் சேர்த்து எழுத வேண்டும். தினே என்று எழுதினால் மணியையும் எழுதுங்கள். ஃபேன் த செமேன் என்று எழுத நேர்ந்தால் வெள்ளிக்கிழமை, எத்தனாம் தேதி என்பதையும் எழுதுங்கள். தெவி அனுப்பினால் 'விலை விவரம் அடங்கியது' என்று மூன்று சொல் கூட்டுங்கள். லொசான்காரர் 12 மணி 30 நிமிடம் என்று ஓர் எண்ணை அந்த வரியில் சேர்த்திருந்தால் லியோன் பெண் காலை ரயிலில் ஏறியிருப்பார்.

நம் ஊர்ப் பிரெஞ்சு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுபதைக் கற்றுத் தரும் அதே பாடத்தில் செப்தாந்த், உய்தாந்த், நொனாந்த் மூன்றையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். உங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு லொசானிலும் ஜெனிவாவிலும் மான்ட்ரியலிலும் உறவினர் இருக்கிறார்கள். சிலர் நாளை அங்கேயே வேலைக்குப் போவார்கள். இந்த மூன்று சொற்களையும் கற்றுத்தர ஐந்து நிமிடம் போதும்.